பழ வாசனை வீசும் ரப்பர்களும் மார்க்கர்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரப்பரில் வாழைப்பழ வாசனை எங்கிருந்து வருகிறது? உள்ளே பழச்சாறு ஏதாவது சேர்க்கிறார்களா?

பழச்சாறு ஒரு துளிகூட இல்லை. சேர்த்தால் சில நாள்களில் பூஞ்சை பிடித்துவிடும். வாழைப்பழம் என்று நம் மூக்கு அடையாளம் காண்பது பெரும்பாலும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற ஒரே ஒரு சேர்மத்தைத்தான். அதன் வாய்பாடு C₇H₁₄O₂. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் இணைந்து, நீர் பிரிந்து உண்டாகும் எஸ்டர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது அது. அன்னாசி வாசனை தரும் எத்தில் பியூட்டிரேட்டும் அதே குடும்பம்தான். திராட்சை வாசனைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட், செர்ரிக்கு பென்சால்டிஹைடு, பீச்சுக்கு காமா-டெக்காலாக்டோன், ஆரஞ்சுக்கு லிமோனீன் என்று ஒவ்வொரு பழத்துக்கும் முன்னின்று பேசும் ஒரு மூலக்கூறு உண்டு. வாசனைத் தயாரிப்பாளர் அதை முதன்மையாக வைத்து, துணைக்கு நாலைந்து பொருள்களைக் கலந்து, ஓர் எண்ணெயாக ஆலைக்கு அனுப்புகிறார்.

உண்மையான ஸ்ட்ராபெரியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் இருக்கின்றன. ரப்பரில் இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதனால்தான் ஸ்ட்ராபெரி ரப்பரின் வாசனை, பழத்தைவிட ஸ்ட்ராபெரி மிட்டாயை நினைவூட்டுகிறது. இரண்டிலும் சேர்வது ஏறத்தாழ ஒரே கலவைதான்.

பழ வாசனையையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. எஸ்டர்கள் சிறிய மூலக்கூறுகள், எளிதில் ஆவியாகும், மலிவாகத் தயாரிக்கலாம், மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டும். நீரில் நூறு கோடியில் ஒரு பங்கு எத்தில் பியூட்டிரேட் கலந்திருந்தாலே மனிதரால் அதை முகர்ந்தறிய முடியும்.

செயற்கை வாசனை என்றாலே கெடுதல்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. வாழைப்பழத்தில் விளையும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் ஆலையில் தயாராகும் ஐசோஅமைல் அசிட்டேட்டும் ஒரே மூலக்கூறுதான். எங்கே பிறந்தது என்பதை மூக்கும் அறியாது, கல்லீரலும் அறியாது. தொழிலாளர்கள் அணியும் முகக்கவசம் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்க, இதே வாழைப்பழ எஸ்டரை அவர்கள் முகர்ந்துபார்க்கும்படி காற்றில் கலக்கும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. மாறாக, ஆரஞ்சுத் தோலில் இயற்கையாகவே இருக்கும் லிமோனீன், காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியதாக மாறுகிறது. ஆகவே இயற்கையா செயற்கையா என்பது இங்கே உதவாத அளவுகோல். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் செல்கிறது என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் அந்த மூன்றையும் சுற்றியே செல்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிட்டாயில் சேர்க்கும் மணப்பொருளுக்கு உணவுத் தூய்மை விதிகள் உண்டு. ரப்பரில் சேர்க்கும் மணப்பொருளுக்கு அவை இல்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் ரப்பரில் இருப்பது உண்பதற்கென்று தயாரிக்கப்பட்டதன்று.

சாதாரணமாக வாசனைத் தைலம் சில மணி நேரத்தில் பறந்துவிடுகிறது. ரப்பரில் மட்டும் மாதக்கணக்கில் எப்படித் தங்குகிறது?

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கியமானது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

ரப்பர் என்று நாம் அழைத்தாலும், கடைகளில் கிடைக்கும் வண்ண அழிப்பான்களில் பல ரப்பர் மரத்துப் பாலால் ஆனவை அல்ல. குழாய்கள் செய்யப் பயன்படும் அதே பி.வி.சி. பிளாஸ்டிக்தான் அவற்றின் அடிப்படை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது; அதைக்கொண்டு பென்சில் கோட்டை அழிக்க முடியாது. அதனால் பி.வி.சி. தூளோடு பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய் போன்ற மென்மையூட்டியைத் தாராளமாகச் சேர்த்து, சுண்ணாம்புத் தூளும் நிறமும் கலந்து, குழம்பாக்கிச் சூடேற்றுகிறார்கள். சூட்டில் பி.வி.சி. துகள்கள் மென்மையூட்டியை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, மெத்தென்ற கட்டியாகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, மென்மையூட்டி பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பால் இணைவதில்லை என்பதுதான். பஞ்சில் ஊறிய எண்ணெய்போல் அது உள்ளே தங்கியிருக்கிறது. மணப்பொருளும் எண்ணெயில் கரையும் இயல்புடையது என்பதால், அந்த மென்மையூட்டியில் போய்க் கரைந்துகொள்கிறது. மேற்பரப்பில் உள்ள மணம் ஆவியானதும், உள்ளிருந்து சிறிது சிறிதாக மேலே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. ரப்பரைத் தேய்க்கும்போது புதிய பரப்பு வெளிப்படுவதால் மணம் திடீரென்று கூடுவதும் இதனால்தான்.

ஆகவே ஒரு வாசனை ரப்பரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மணப்பொருள், அது எடையில் நூறில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், காற்று வழியே செல்லும், மூக்குக்குத் தெரியும். மற்றொன்று மென்மையூட்டி, அது எடையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டலாம், எளிதில் ஆவியாகாது, தொடுவதன் வழியாகவும் எச்சில் வழியாகவும் வெளியேறும், அதற்குச் சொல்லத்தக்க வாசனை கிடையாது. பெற்றோரின் கவலை இயல்பாகவே மூக்குக்குத் தெரிவதன் மீது போகிறது. போக வேண்டிய இடம் இரண்டாவது பொருள் என்பது என் உறுதியான கருத்து.

என் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் அதை மூக்கருகே வைத்து முகர்கிறாள். நுரையீரலுக்கு ஆபத்து வருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்; ஊகத்தைவிட அது தெளிவு தரும். 15 கிராம் எடையுள்ள ஒரு ரப்பரில் அரை விழுக்காடு மணப்பொருள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 75 மில்லிகிராம். அந்த முழு அளவும் இரண்டே மாதத்தில் வெளியேறிவிடுவதாக, அதாவது உண்மையைவிட மோசமாகவே, எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.25 மில்லிகிராம் ஆகிறது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட சிறிய அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஒரு முறை காற்று மாறினால் ஒரு நாளில் 720 கன மீட்டர் காற்று அந்த அறை வழியே சென்றிருக்கும். ஆக, ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.0017 மில்லிகிராம்.

அது முழுவதும் ஐசோஅமைல் அசிட்டேட் என்றே வைத்துக்கொண்டால், வேலையிடங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்கு அமெரிக்கா அனுமதிக்கும் வரம்பு கன மீட்டருக்கு 525 மில்லிகிராம். நம் அறையில் இருப்பது அதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. அந்த வரம்பு உடல் வளர்ந்த தொழிலாளர்களுக்கு வகுக்கப்பட்டது. குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. மூக்கருகே வைத்து முகர்ந்தால் அந்த நொடியில் அளவு பல மடங்கு கூடும் என்பதும் உண்மை. அவ்விரண்டுக்கும் தாராளமாக இடம் விட்டாலும் இடைவெளி மிகப் பெரியதாகவே நிற்கிறது.

ஆகவே முகர்வதற்காகக் குழந்தையைக் கண்டிக்க வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தை, வாசனைகளால் தலைவலி வரும் குழந்தை ஆகியோர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவர்களுக்குத் தொல்லை தருவது நச்சளவன்று, தூண்டுதல். அதற்கு மிகச் சிறிய அளவும் போதும். அத்தகைய குழந்தைக்கு வாசனையில்லாத பொருளை வாங்குவதே முறை.

என் மகனுக்கு ஏழு வயது. ரப்பரைக் கடித்துத் துண்டு துண்டாக விழுங்குகிறான். ஒன்றும் ஆகாது என்கிறார்கள், நம்பலாமா?

என்றோ ஒரு நாள் ஒரு துண்டை விழுங்கினான் என்றால் நம்பலாம். சிறு துண்டு செரிக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். மென்மையூட்டிகள் ஒரு முறை உள்ளே போனதும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகை நஞ்சு அல்ல. மூச்சுத் திணறல், விடாத வாந்தி, வயிற்று வலி, வயிறு உப்புதல் ஆகியவை தோன்றினால் மட்டும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தினமும் கடிக்கும் பழக்கம் என்றால் பதில் வேறு. பி.வி.சி.க்கு நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்ட மென்மையூட்டிகள் தாலேட் என்ற வகையைச் சேர்ந்தவை, அவற்றுள் டி.இ.எச்.பி. என்பது மிகவும் அறியப்பட்டது. கருவில் வளரும் ஆண் எலிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியை அது பாதிப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் செய்த மதிப்பீட்டில், டி.இ.எச்.பி. உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்குச் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்தது. ஆயுள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் தீங்கு நேராது என்று கருதப்படும் அளவு அது.

உங்கள் மகனின் எடை 20 கிலோ என்று கொள்வோம். 50 மைக்ரோகிராமை 20ஆல் பெருக்கினால் 1000 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராம். அவனுக்கு ஒரு நாளைய வரம்பு அதுதான். இனி ரப்பருக்கு வருவோம். அது தாலேட் சேர்த்த ரப்பராக இருந்து, எடையில் 30 விழுக்காடு டி.இ.எச்.பி. கொண்டிருந்தால், ஓர் அரிசி மணி எடையுள்ள துணுக்கில், அதாவது சுமார் 20 மில்லிகிராமில், 6 மில்லிகிராம் டி.இ.எச்.பி. இருக்கும். குடலில் அது முழுவதும் வெளியேறிவிடாது. பெரும்பகுதி துணுக்கோடு சேர்ந்தே போய்விடும். ஆனால் ஆறில் ஒரு பங்கு மட்டும் வெளியே வந்தாலே வரம்பு எட்டப்பட்டுவிடுகிறது. உணவு வழியாகவும் வேறு பிளாஸ்டிக் பொருள்கள் வழியாகவும் வருவது இதற்கு மேல் சேரும்.

இதே துணுக்கில் உள்ள மணப்பொருளைக் கணக்கிட்டால், அரை விழுக்காடு என்ற அளவில் 0.1 மில்லிகிராம்தான் வருகிறது. முகர்ந்தவர்கள் அஞ்சிய பொருள் 0.1 மில்லிகிராம், யாரும் கவனிக்காத பொருள் 6 மில்லிகிராம். இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொண்டால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் பள்ளிப் பைகள், பென்சில் பெட்டிகள், ரப்பர்கள் ஆகியவற்றைச் சோதித்தபோது சில ரப்பர்களில் டி.இ.எச்.பி. இருப்பதைக் கண்டறிந்து, அவற்றைக் கடித்து விழுங்கும் குழந்தைகளைப் பற்றித் தனியே எச்சரித்தது. வரம்பைச் சற்றுத் தாண்டியதும் நோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்த வரம்பு பெரிய பாதுகாப்பு இடைவெளியோடு வகுக்கப்பட்டது. ஆயினும் தினசரிப் பழக்கமாக அந்த இடைவெளியைத் தின்றுகொண்டிருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. கடிக்கும் குழந்தைக்கு வாசனையில்லாத ரப்பரை, அதிலும் பி.வி.சி. இல்லாததைக் கொடுங்கள். வாசனை இல்லாமல் போனதுமே பல குழந்தைகளின் கடிக்கும் ஆசையும் குறைகிறது. வாய்க்கு அழைப்பு விடுத்ததே அந்தப் பழ மணம்தானே. மண், சுண்ணாம்பு, காகிதம் என்று உணவல்லாத பிறவற்றையும் விடாமல் தின்னும் குழந்தையாக இருந்தால், ரப்பரை மாற்றுவதோடு நிற்காமல் இரும்புச் சத்துக் குறைபாடு உள்ளதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது அவசியம்.

வீட்டில் இருக்கும் ரப்பரில் தாலேட் இருக்கிறதா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

தாலேட்டை உறுதியாகக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் வெளியேறக்கூடிய மென்மையூட்டி நிறைய இருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். பழைய பென்சில் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரப்பர் பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பிரித்தெடுத்தால் அளவுகோலில் பள்ளமோ மங்கலான தழும்போ தெரிகிறதா, பென்சிலின் வண்ணப்பூச்சு உருகியதுபோல் ரப்பரில் ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் மென்மையூட்டி ரப்பரிலிருந்து வெளியே வந்து, அடுத்துள்ள பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கிறது. அதைத் தடுப்பதற்காகத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் ரப்பருக்குக் காகித உறை போடுகிறார்கள். அந்த உறையைக் கிழித்தெறியாமல் வைத்திருப்பது நல்லது. தொட்டால் விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டுவதும் அதே அறிகுறிதான்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தாலேட் அல்லாத மென்மையூட்டிகளும், உதாரணமாகச் சிட்ரேட் வகையைச் சேர்ந்தவையும், இதேபோல் வெளியேறி ஒட்டக்கூடியவைதான். ஆகவே ஒட்டியது என்பதாலேயே தாலேட் என்று முடிவு செய்ய இயலாது. கடிக்கும் குழந்தையின் கையில் கொடுக்கத் தக்கதன்று என்ற முடிவுக்கு அது போதும். ரப்பரைக் கொளுத்திப் பார்க்கும் சோதனையை யாராவது சொன்னால் செய்யாதீர்கள், பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வெளிவரும்.

பெட்டியின் மேல் பி.வி.சி. இல்லாதது, தாலேட் இல்லாதது என்று அச்சிட்டிருப்பதும், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருப்பதும் பயனுள்ள அடையாளங்கள். பெயரே இல்லாத உதிரிப் பொருளைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

பொம்மைகளுக்குச் சட்டம் இருக்கிறதே, ரப்பருக்கும் அது பொருந்தாதா?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. குழப்பம் வருவதும் இங்கேதான். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் தாலேட் வரம்பு, அதாவது எடையில் 0.1 விழுக்காடு, பொம்மைகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கான பராமரிப்புப் பொருள்களுக்கும் உரியது. எழுதப் பயன்படும் சாதாரணப் பொருள் தன்னளவில் பொம்மை ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி.இ.எச்.பி. உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்கு அதே 0.1 விழுக்காட்டு வரம்பு 2020 ஜூலை முதல் பொம்மைகளைத் தாண்டி, பிற நுகர்வோர் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கும் விரிந்தது. ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டுப் பொம்மை நெறிமுறை, ஒவ்வாமை தரும் 55 மணப்பொருள்களைப் பொம்மைகளில் தடை செய்தது. உணவுபோல் தோன்றி, குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்படி ஏமாற்றும் ஆபத்தான பொருள்களுக்கு 1987ஆம் ஆண்டிலேயே அங்கே தனி நெறிமுறை வந்துவிட்டது. பழ உருவமும் பழ வாசனையும் ஒருங்கே கொண்ட குட்டி ரப்பர்கள் எழுதுபொருளா பொம்மையா உணவுப் போலியா என்ற கேள்வி ஏன் எழுகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

மார்க்கர்களுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, அங்கே கதை வேறு. மார்க்கரில் மென்மையூட்டிப் பிரச்சினை கிடையாது. பார்க்க வேண்டியது மையின் கரைப்பானை. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் வாசனை மார்க்கர்களில் பெரும்பாலானவை நீர் அடிப்படையிலானவை. நீர், சாயம், முனை உலராதிருக்க கிளிசரின் போன்ற ஒரு பொருள், கெட்டுப்போகாதிருக்கச் சிறிது பதப்பொருள், ஒரு துளி மணப்பொருள் ஆகியவைதான் உள்ளே இருக்கும். அவற்றை முகர்ந்தால் மூக்கு நுனியில் வண்ணப் புள்ளி விழும். நாக்கில் வைத்தால் நாக்கு நிறம் மாறும். வாயைக் கொப்பளித்துச் சிறிது நீர் குடிக்கச் செய்தால் போதும்.

அழியா மார்க்கரும் வெண்பலகை மார்க்கரும் வேறு வகை. அவற்றின் மை எத்தனால், புரோப்பனால் போன்ற ஆல்கஹால்களில் கரைந்திருக்கும். சைலீன் கொண்டு செய்யப்பட்டவையும் உண்டு. இங்கே காற்றில் கலப்பது ஒரு துளி மணப்பொருளன்று, ஒரு பேனாவிலுள்ள சில கிராம் கரைப்பான். வேண்டுமென்றே ஆழமாக முகர்ந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அதைப் பழக்கமாக்குவது மெய்யான ஆபத்து. இத்தகைய மார்க்கரில் பழ வாசனையும் சேர்த்திருந்தால் நான் அதைக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவே மாட்டேன். கரைப்பானின் காரமான வாடை தரும் இயல்பான எச்சரிக்கையை அந்த இனிய மணம் மூடிவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள். நீர் அடிப்படை மை அநேகமாக முழுவதும் வந்துவிடும். கரைப்பான் மை அசையாது. மெல்லிய தாளில் எழுதும்போது உடனே உலர்ந்து பின்பக்கம் ஊறித் தெரிவதும் கரைப்பான் மையின் குணம். வெண்பலகை மார்க்கர் மட்டும் இந்தத் துடைப்புச் சோதனையில் ஏமாற்றும், துடைத்தழிக்கவே செய்யப்பட்டது என்பதால். அதை அதன் வாடையாலும் பேனாவின் மேல் எழுதியிருப்பதாலும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்கெட்ச் பேனா பயன்படுத்திய நாள்களில் விரலில் அரிப்பும் தடிப்பும் வருகிறது. வாசனையாலா?

இருக்கலாம், ஆனால் வாசனை மட்டுமே சந்தேகத்துக்குரியதன்று. நீர் அடிப்படை மைகளில் சேர்க்கப்படும் ஐசோதையசோலினோன் வகைப் பதப்பொருள்களும் தோல் ஒவ்வாமைக்குப் பெயர் பெற்றவை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் எந்த மார்க்கரும் வேண்டாம். தோல் ஆறியபின், அதே நிறுவனத்தின் வாசனையில்லாத வகையை மட்டும் கொடுங்கள். தடிப்பு மீண்டும் வந்தால் பதப்பொருள் அல்லது சாயம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வராமல் இருந்தால் மணப்பொருளைச் சந்தேகிக்கலாம். தொடு ஒவ்வாமை உடனே தோன்றாது, ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், காலையில் எழுதி மாலையில் முடிவு கட்டிவிடக் கூடாது. உறுதியான விடை தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனையில்தான் கிடைக்கும். கண்டறிந்துகொள்வது வீண் வேலையன்று. மணப்பொருள் ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும், சோப்பிலும் முகப்பூச்சிலும்கூட அதே பொருளைத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. அக்காவின் பழ ரப்பர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்?

எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் தயக்கமில்லாமல் உடனடி உயிரபாயம் என்று சொல்வது இது ஒன்றைத்தான். இதற்கும் வேதியியலுக்கும் தொடர்பில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. குட்டி ஸ்ட்ராபெரி ரப்பரும், பிரித்துச் சேர்க்கும் ரப்பரின் இலைப் பகுதியும், மார்க்கரின் மூடியும் அதில் எளிதாக அடங்கிவிடும். மூடியின் தலையில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மூடி மூச்சுக்குழாயில் சிக்கினாலும் சிறிது காற்று செல்லட்டும் என்பதற்காகவே அந்தத் துளை விடப்படுகிறது. துளையுள்ள மூடியும் ஆபத்தானதுதான்; உதவி கிடைக்கும்வரை சில நிமிடங்களை அது தரக்கூடும்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. முகர்ந்து பார்க்கும் ஆவலில் சிறு குழந்தைகள் ரப்பர்த் துணுக்கை மூக்குக்குள்ளேயே செருகிக்கொள்வதுண்டு. வலி இல்லாததால் சொல்லவும் மாட்டார்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் சில நாள்களாகச் சளி ஒழுகி, அது துர்நாற்றம் வீசினால், சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இடுக்கியால் எடுக்க முயன்றால் துணுக்கு இன்னும் உள்ளே போய்விடும்.

சுரண்டினால் மணக்கும் ஸ்டிக்கர்களும் இப்படித்தானா?

அவற்றில் மணப்பொருள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். நகம் பட்டதும் உறை உடைந்து மணம் வெளிவரும். சுரண்டாத வரையில் பல ஆண்டுகள் மணம் அப்படியே இருக்கும். ஒரு ஸ்டிக்கரில் உள்ள அளவு மிகச் சொற்பம் என்பதால், சுரண்டிய விரலை வாயில் வைக்காமல் கழுவிக்கொள்வதற்கு மேல் வேறொன்றும் தேவையில்லை.

வெயிலில் காயவைத்தோ சோப்புப் போட்டுக் கழுவியோ வாசனையைப் போக்கிவிட்டுப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கழுவினால் மேற்பரப்பு மணம் மட்டும் போகும். மறுநாள் உள்ளிருப்பது மேலே வந்துவிடும். வெயிலில் வைத்தால் மணத்தோடு மென்மையூட்டியும் வேகமாக மேற்பரப்புக்கு வந்து, ரப்பர் முன்பைவிடப் பிசுபிசுப்பாகும். அதன்பின் அதைத் தொடுவது முன்பைவிட மோசம். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதும் போய்விட்டதற்குச் சான்றாகாது. ஒரே மணத்தைச் சில நிமிடங்கள் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி உணராமல் போய்விடும். வெளியே சென்று திரும்பிவந்து முகர்ந்தால் அதே வாழைப்பழம் மீண்டும் இருக்கும்.